வாசலில் காரும் இட்டேரியில் டிராக்டரும்

கோபிசெட்டிபாளையத்தை ஒட்டி ஒரு தோட்டத்து வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். கேட்டுக்குள் போர்டிகோவில் கார் நிற்கிறது. களத்தோரம் டிரெய்லர் மாட்டிய டிராக்டர் நிற்கிறது. இரண்டின் பாலிசியும் ஒரே பீரோவில் இருக்கின்றன, இரண்டையும் போட்டுக் கொடுத்தவரும் ஒரே ஏஜென்ட். இரண்டுமே ஊர் வழக்கில் ‘ஃபுல் கவர்’, அதாவது பேக்கேஜ் பாலிசி. கார் தன் ஓட்டத்தில் பெரும்பகுதியைத் தார்ச்சாலையில் கழிக்கிறது. டிராக்டரோ வயலிலும் களத்திலும் இட்டேரியிலும்தான் கிடக்கிறது. சாலையைத் தொடுவது ஆலைக்கோ மண்டிக்கோ போகும் நாளில் மட்டும்.

விபத்து சொந்த நிலத்துக்குள்ளோ காம்பவுண்டுக்குள்ளோ நடந்துவிட்டால் எந்தப் பாலிசி அதிகம் கைகொடுக்கும் என்று கேட்டால், டிராக்டர் பாலிசி என்றுதான் யாரும் சொல்வார்கள். நிலத்தில் ஓடுவதற்கென்றே வாங்கிய வண்டி அது. அதற்கான பாலிசியும் நிலத்தை மனத்தில் வைத்துத்தானே எழுதப்பட்டிருக்கும்? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் படித்தால் விடை தலைகீழாக வருகிறது. சாலையில் ஓடும் கார், தனியார் இடத்தில் பரந்த பாதுகாப்போடு நிற்கிறது. நிலத்தில் உழலும் டிராக்டரின் பாலிசி, ஒரு மனிதருக்குக் காயம் என்று வந்தவுடன் சாலை எங்கே என்று கேட்கிறது.

முதலில் ஒற்றுமை. இரண்டு பாலிசிகளும் 2002-இன் இந்திய மோட்டார் டாரிஃப் வகுத்த வாசகங்களில் இருந்து வந்தவை. கட்டண விகிதங்கள் பின்னர் தளர்த்தப்பட்டாலும் வாசகங்கள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கின்றன. வண்டிக்கே ஏற்படும் சேதத்தைப் பேசும் முதற்பிரிவில் இடம் பற்றிய நிபந்தனை இரண்டிலுமே கிடையாது. தீ, திருட்டு, வெள்ளம், நிலச்சரிவு, வெளியிலிருந்து வந்த விபத்து என்று காரணங்களைப் பட்டியலிடுகிறதே ஒழிய, அது பொதுச்சாலையில் நேர வேண்டும் என்று ஒரு சொல்லும் இல்லை. இந்தியாவுக்குள் நடந்தால் போதும். போர்டிகோத் தூணில் கார் உரசினாலும் ஓ.டி. கிளைம்தான், வரப்பில் சறுக்கி டிராக்டர் கவிழ்ந்தாலும் ஓ.டி. கிளைம்தான். ‘வீட்டுக்குள்ள நடந்ததுக்கெல்லாம் இன்சூரன்ஸ் வராதுங்க’ என்று சொல்லி விஷயத்தையே மூடிவிடுபவர்கள் இந்தப் பிரிவைப் படிக்காதவர்கள்.

இதற்குள்ளேயே ஒரு வேற்றுமையும் ஒளிந்திருக்கிறது. கார் பாலிசியில் பம்பரும் விளக்கும் பெயின்டும் மற்ற பாகங்களைப் போலவே சேர்த்தி. டிராக்டர் வணிக வாகனங்களின் வரிசையில் வருவதால், ஐ.எம்.டி. 21 என்ற ஒப்புதல் விளக்கு, டயர், மட்கார்டு, பானட்டின் பக்கப் பாகம், பம்பர், பெயின்ட் ஆகியவற்றை விலக்கி வைக்கிறது. வண்டி முழுதாக நாசமானால் மட்டும் விதிவிலக்கு. கூடுதல் பிரீமியம் கட்டி ஐ.எம்.டி. 23-ஐ வாங்கினால்தான் இவை திரும்பி உள்ளே வரும். தென்னந்தோப்புக்குள் டிராக்டர் எதையாவது இடித்தால் முதலில் நசுங்குவது விளக்கும் மட்கார்டும் பானட் ஓரமும்தான் என்பதை யோசித்தால், அந்த 23 என்ற எண் பாலிசி அட்டவணையில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது வீண்போகாது.

இன்னொரு ஒற்றுமை கசப்பானது. சொந்தக் கேட்டையும் சொந்தத் தூணையும் இரண்டு பாலிசிகளும் கைவிடுகின்றன. மூன்றாம் நபர் சொத்துச் சேதத்தைப் பேசும் இடத்தில், பாலிசிதாரருக்கே சொந்தமானதும் அவர் பொறுப்பில் இருப்பதும் இரண்டிலுமே நீக்கப்பட்டிருக்கின்றன. காம்பவுண்டுக்குள் நடக்கும் விபத்தில் இடிபடுவது பெரும்பாலும் நம் பொருளே. ஆகவே இடம் தனியார் இடம் என்பதால் அல்ல, பொருள் நம்முடையது என்பதால்தான் பல கிளைம்கள் தள்ளுபடியாகின்றன. இரண்டு காரணங்களும் ஒரே இடத்தில் சந்திப்பதால் மக்கள் இதை அதுவென்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இனி இரண்டாம் பிரிவு, மூன்றாம் நபருக்கான பொறுப்பு. கார் பாலிசி, வண்டியின் உபயோகத்தால் எழுந்த விபத்தில் எந்த நபருக்கு மரணமோ காயமோ நேர்ந்தாலும், கூலி கொடுக்காமல் வண்டியில் வந்தவர் உட்பட, பாலிசிதாரர் சட்டப்படி கொடுக்க வேண்டிய தொகையை ஏற்கிறது. சாலை என்றோ பொது இடம் என்றோ அங்கே இல்லை. பாலிசிதாரரின் வேலையாள் வேலையின்போது அடிபட்டால் மட்டும், மோட்டார் வாகனச் சட்டம் கேட்கும் அளவுக்கு மேல் பொறுப்பில்லை என்று ஓர் ஓரம் வெட்டப்பட்டிருக்கிறது. டிராக்டர் பாலிசியின் அதே இடத்தைப் படித்தால், அந்த ஓரத்தில் இருந்த சொற்றொடர் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது: மரணத்துக்கும் காயத்துக்கும், மோட்டார் வாகனச் சட்டத்தின் தேவைகளை நிறைவேற்றும் அளவுக்கு மட்டுமே பொறுப்பு.

அந்தச் சட்டத்தின் தேவை என்ன? 146-ஆம் பிரிவு பொது இடத்தில் வண்டியைப் பயன்படுத்த இன்சூரன்ஸ் கட்டாயம் என்கிறது. 147-ஆம் பிரிவு பொது இடத்தில் வண்டியின் உபயோகத்தால் எழும் பொறுப்பைப் பாலிசி ஏற்க வேண்டும் என்கிறது. 2019-இல் திருத்தி 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புதிய வடிவத்திலும் ‘பொது இடம்’ நகரவில்லை. ஆக, டிராக்டர் பாலிசி ‘சட்டத்தைப் பார்’ என்று கைகாட்ட, சட்டம் ‘பொது இடத்தைப் பார்’ என்று கைகாட்டுகிறது. காரின் பேக்கேஜ் பாலிசியோ எங்கும் கைகாட்டாமல் தன் வாக்கைத் தானே சொல்லி முடிக்கிறது.

இதில் வியப்பு என்னவென்றால், பொருள் சேதத்துக்கு டிராக்டர் பாலிசி அந்தக் கடிவாளத்தைப் போடவில்லை. சுமை ஏற்றுவது, இறக்குவது உட்பட வண்டியின் உபயோகத்தால் பிறர் பொருளுக்கு நேரும் சேதம் என்று பொதுவாகவே எழுதியிருக்கிறது. வழக்கமான உச்சவரம்பு ஏழரை லட்சம் ரூபாய். விளைவு விநோதமானது. பக்கத்துத் தோட்டக்காரரின் மோட்டார் ரூம் சுவரை டிராக்டர் இடித்தால் பாலிசியின் வாசகம் தயங்காமல் ஏற்கிறது. அதே இடியில் அவர் கால் முறிந்தால் ‘அது பொது இடமா’ என்று வாதம் தொடங்குகிறது. சுவரைவிட மனிதரைக் காக்கவே இந்தச் சட்டம் பிறந்தது. தனியார் நிலத்தில் கால் வைத்ததும் வாசகத்தில் சுவர் முந்திக்கொள்கிறது.

காருக்கு வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருப்பவர்கள் டிராக்டரைப் பார்த்துச் சிரிக்க முடியாது. அந்தப் பாலிசி ‘இந்தியாவில் எங்கும்’ என்று பெருந்தன்மையாகத் தொடங்கினாலும், மரணம், காயம் என்று வரும்போது ‘சட்டத்தின் தேவை அளவுக்கு’ என்ற அதே கடிவாளத்தை எடுத்து மாட்டிக்கொள்கிறது. காரின் மலிவான பாலிசியும் டிராக்டரின் முழுப் பாலிசியும் இந்த ஒரு விஷயத்தில் உடன்பிறப்புகள்.

இப்போது இரண்டு விபத்துகளை நடத்திப் பார்க்கலாம்.

காலை ஆறரை மணி. வீட்டுக்காரர் காரைப் பின்னால் எடுக்கிறார். வழக்கம்போல் கேட்டைத் தானே திறந்துகொண்டு உள்ளே வந்த பால்காரர், மொபெட்டை நிறுத்திக் குனிந்து பால் அளந்துகொண்டிருக்கிறார். காரின் பின்புறம் மொபெட்டைத் தள்ளி, மொபெட் அவர் கால்மேல் சாய, இரண்டையும் தள்ளிக்கொண்டுபோய்க் கேட் தூணில் கார் நிற்கிறது. ஒரே இடியில் நான்கு சேதம். காரின் பின் பம்பருக்கு முதற்பிரிவு. மொபெட் பிறர் பொருள் என்பதால் இரண்டாம் பிரிவு. தூண் சொந்தப் பொருள், அதற்கு எதுவும் இல்லை. பால்காரரின் காலுக்கு, பேக்கேஜ் பாலிசியாக இருந்தால், ‘எந்த நபருக்கும்’ என்ற வாசகமே போதும். பொது இடமா என்ற கேள்வி சட்டத்தின் கேள்வி. ஒப்பந்தம் அதைக் கேட்கவில்லை. சட்டம் கேட்பதற்கு மேலும் பாலிசி கொடுக்கலாம், கொடுத்திருந்தால் நிறுவனம் அதற்குக் கட்டுப்பட்டது என்பதை, காரில் பயணம் செய்தவர்கள் தொடர்பான வழக்கில் 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. சட்டப் பாலிசியையும் முழுப் பாலிசியையும் அந்தத் தீர்ப்பு தனித்தனியே வைத்துப் பார்த்தது. அடிபட்டவர் பால்காரராக இல்லாமல் வீட்டில் சம்பளத்துக்கு இருக்கும் தோட்டக்காரராக இருந்தால், முன்பு சொன்ன அந்த வெட்டப்பட்ட ஓரம் குறுக்கே வரும். காம்பவுண்டுக்குள் நடமாடுபவர்களில் பாதிப்பேர் வேலையாட்களாகவே இருக்கும் வீடுகளில் இது சின்ன விஷயம் அல்ல.

இரண்டாவது விபத்து மாலையில். தேங்காய் ஏற்றிய டிரெய்லருடன் டிராக்டர் இட்டேரியில் பின்னால் வருகிறது. டிரெய்லர் மாட்டிய வண்டியைப் பின்னால் எடுப்பது தனி வித்தை; ஸ்டியரிங்கை ஒடிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக டிரெய்லர் திரும்பும். திரும்பியது, வேலியோரம் இருந்த பக்கத்துத் தோட்டத்துச் சொட்டுநீர் ஃபில்டரை உடைத்து, வால்வைத் திறந்துகொண்டிருந்த அந்தத் தோட்டக்காரரின் இடுப்பையும் இடித்துவிடுகிறது. முதலில் பார்க்க வேண்டியது டிரெய்லர் பாலிசியில் தனியாகக் குறிக்கப்பட்டு அதற்கும் பிரீமியம் கட்டப்பட்டிருக்கிறதா என்பது. டிராக்டருக்கு மட்டும் போட்டுவிட்டு டிரெய்லரை மறந்த பாலிசிகள் நம்மூரில் ஏராளம். அது சரியாக இருந்தால் ஃபில்டருக்கு விடை எளிது. இடுப்புக்குத்தான் வழக்கு.

இட்டேரி பொது இடமா? சட்டத்தின் 2(34) பிரிவு, பொதுமக்களுக்கு அணுகும் உரிமை உள்ள சாலை, தெரு, வழி அல்லது வேறு இடம் என்று வரையறுக்கிறது. அது கடந்துபோகும் வழியாக இருக்க வேண்டியதில்லை. உரிமை என்ற சொல்லைக் கறாராகப் பிடித்தால் இந்த வரையறை சுருங்கிவிடும். நீதிமன்றங்கள் அதைச் சுருங்க விடவில்லை. அணுகுவது அனுமதியின் பேரில் இருக்கலாம், கட்டணத்தாலோ சீட்டாலோ அடையாள வில்லையாலோ கட்டுப்படுத்தப்பட்டிருக்கலாம், அப்போதும் அது பொது இடமே என்ற திசையில் 1988-இல் பம்பாய் உயர் நீதிமன்ற முழு அமர்வு போனது. 1999-இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் அந்த விரிந்த பொருளையே எடுத்துக்கொண்டது. கேட்டில் காவலாளி நிற்கும் ஆலை வளாகமும் இந்தப் பொருளின் கீழ் வர முடிகிறது. நம் பால்காரருக்கும், காரில் தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தால், கைகொடுக்கக்கூடியது இதுதான்: தினமும் அனுமதியோடு திறந்து நுழையும் கேட்.

இட்டேரிக்கு இன்னும் உறுதியான சாட்சி கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கிறது. புல வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தால் பல இட்டேரிகள் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்றே பதிவாகியிருக்கும். அப்படியானால் வாதத்துக்கே இடமில்லை. பட்டா நிலத்துக்குள் போனாலும், நான்கைந்து தோட்டக்காரர்கள் பாத்தியதையோடு காலங்காலமாகப் போய்வரும் தடம் என்றால் வாதம் வலுவாகவே நிற்கும். அதே டிரெய்லர் இருபது முழம் தள்ளி, கம்பிவேலி போட்டுப் பூட்டு மாட்டிய சொந்தத் தோப்புக்குள், சுமை கட்ட ஒத்தாசைக்கு வந்த அதே மனிதரை இடித்திருந்தால்? அழைப்பின் பேரில் வந்தவர்தான். ஆனால் ஒருவரை ஒருநாள் கூப்பிட்டதால் தோப்பு பொதுமக்கள் அணுகும் இடமாகிவிடுமா என்று நிறுவனத்தின் வழக்கறிஞர் கேட்பார். அந்தக் கேள்வி அற்பமானது அல்ல. விரிந்த பொருளுக்கும் ஓர் எல்லை உண்டு, உழுத வயலின் நடுவே அது மெலிகிறது.

வேலி தாண்டும் விபத்துகளுக்கு 147-ஆம் பிரிவிலேயே ஒரு விளக்கம் உண்டு. அடிபட்டவர் பொது இடத்தில் இல்லாவிட்டாலும், விபத்துக்கு வழிவகுத்த செயலோ தவறோ பொது இடத்தில் நடந்திருந்தால், அது பொது இடத்து விபத்தாகவே கருதப்படும். சாலையில் பிரேக் பிடிக்காமல் போன டிராக்டர் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்மேல் ஏறினால் இந்த விளக்கம் காக்கும். வெளியிலிருந்து உள்ளே வரும் ஆபத்துக்குச் சட்டம் பாலம் கட்டியிருக்கிறது. உள்ளேயே பிறந்து உள்ளேயே முடியும் ஆபத்துக்குக் கட்டவில்லை.

நிறுவனம் விடுபட்டுவிட்டால் வழக்கே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் தரும் 165-ஆம் பிரிவு, மோட்டார் வாகன உபயோகத்தால் எழுந்த விபத்து என்று மட்டும்தான் சொல்கிறது. பொது இடம் என்ற நிபந்தனை அங்கே இல்லை. அடிபட்டவர் தோப்புக்குள் நடந்ததற்கும் மனு போடலாம், தீர்ப்பாயம் இழப்பீடும் விதிக்கலாம். இன்சூரன்ஸ் நிறுவனம் விலகிக்கொண்டால் அந்தத் தொகை முழுவதும் டிராக்டர் உரிமையாளரின் தலையில் விழும். இடம் தனியார் இடம் என்ற வாதம் நிறுவனத்தைக் காக்கும், நிலத்துக்காரரைக் காக்காது.

இது தெரிந்த சிலர் வண்டியை நகர்த்திச் சாலையோரம் நிறுத்திவிட்டு, அங்கே நடந்ததாக எழுதிக் கொடுக்கிறார்கள். அதைவிடக் கிளைமைக் கெடுக்கும் வழி வேறில்லை. ஸ்பாட்டுக்கு வரும் சர்வேயர் டயர்த் தடத்தையும் உடைந்த ஃபில்டரையும் ஒட்டியிருக்கும் மண்ணையும் பார்க்கிறார். முதல் தகவல் அறிக்கையில் போடப்படும் பிரிவும் பேசும்: பாரதிய நியாய சன்ஹிதாவின் 281 பொது வழியில் அஜாக்கிரதையாக ஓட்டுவதைப் பற்றியது. அந்தப் பிரிவு இருந்தால் போலீஸ் அதைப் பொது வழியாகக் கருதியது என்றாகிறது. விடுபட்டிருந்தால் எதிர்த்தரப்பு அதைச் சுட்டிக்காட்டும். உண்மையில் நடந்த இட்டேரியை இட்டேரி என்றே, யார் யார் போய்வரும் தடம் என்பதோடு சேர்த்து எழுதுவதுதான் வழக்குக்கு நல்லது.

டிராக்டர் பாலிசியில் மற்றொரு நிபந்தனையும் கவனிக்கத்தக்கது. சுமையை வண்டிக்குக் கொண்டுவரும்போதோ, இறக்கிய பின் எடுத்துச் செல்லும்போதோ, வண்டி ஓடும் பாதையின் எல்லைக்கு அப்பால் நேரும் காயத்துக்கும் சேதத்துக்கும் பொறுப்பில்லை. தோப்பிலிருந்து மூட்டையைத் தூக்கி வந்தவர் வழியில் யார்மேலாவது போட்டால் அது வண்டியின் கணக்கில் வராது. அதே பட்டியலில் வண்டியிலிருந்து பறக்கும் தீப்பொறியும் சாம்பலும், பாய்லர் வெடிப்பும்கூட விலக்கப்பட்டிருக்கின்றன. நீராவி வண்டிக் காலத்துச் சாம்பல் இன்றைய டீசல் டிராக்டரின் பாலிசியிலும் அப்படியே ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்குச் சின்னச் சந்தோஷம்.

கார் ஒருபோதும் எழுப்பாத ஒரு கேள்வியை டிராக்டர் எழுப்புகிறது. கார் நின்றால் நிற்கிறது. டிராக்டர் நின்றபடியே வேலை செய்கிறது: பி.டி.ஓ. ஷாஃப்டை மாட்டிக் கதிரடிக்கிறது, தண்ணீர் இறைக்கிறது, மருந்து தெளிக்கிறது. அப்போது அது வண்டியா, இயந்திரமா? ஐரோப்பிய நீதிமன்றம் இதை இரண்டு பண்ணை விபத்துகளில் சந்தித்தது. 2007 ஆகஸ்டில் ஸ்லோவேனியாவில் வைக்கோல் கட்டுகளைக் கொட்டகைப் பரணில் அடுக்கும் வேளையில், பண்ணை முற்றத்தில் பின்னால் வந்த டிராக்டரின் டிரெய்லர் ஏணியில் இடித்து, அதில் நின்றவர் விழுந்தார். முற்றம் தனியார் இடம் என்பது பொருட்டில்லை, வண்டி தன் இயல்பான வேலையைச் செய்துகொண்டிருந்தது, ஆகவே கட்டாய இன்சூரன்ஸ் உண்டு என்றது 2014-இன் தீர்ப்பு. போர்ச்சுகலில் பண்ணை மண்பாதையில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டுக் களைக்கொல்லி பம்பை இயக்கிய டிராக்டர், மண் சரிந்து உருண்டு ஒரு தொழிலாளியைக் கொன்றது. அந்த நேரத்தில் அது போக்குவரத்துச் சாதனமாக இல்லை, வேலை இயந்திரமாக இருந்தது, ஆகவே கட்டாய இன்சூரன்ஸ் இல்லை என்றது 2017-இன் தீர்ப்பு.

இந்தியாவில் இந்தப் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறியிருக்கிறது. அங்கே இடம் எதுவானாலும் சரி, உபயோகம் குறுகியது. இங்கே உபயோகம் பரந்தது, இடம்தான் குறுகியது. கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர், கசிவைப் பிடிக்க மக்கள் கூடியபின் சில மணி நேரம் கழித்து வெடித்ததையும் வாகன உபயோகத்தால் எழுந்த விபத்து என்றே 1991-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. போர்ச்சுகல் டிராக்டர் நம் நாட்டில் ஒரு கிராமப் பாதையில் உருண்டிருந்தால், பாதிக்கப்பட்டவர் பக்கம் வலுவான வாதம் இருந்திருக்கும். ஸ்லோவேனியா டிராக்டர் பூட்டிய களத்துக்குள் இடித்திருந்தால் இங்கே திண்டாட்டம்தான். நம் கிரேன், எக்ஸ்கவேட்டர் போன்றவற்றுக்கு மட்டும் ஐ.எம்.டி. 47 என்ற ஒப்புதல், கருவியாக இயங்கும்போது எழும் பொறுப்பைச் சட்டம் கேட்கும் அளவுக்குச் சுருக்கி, ஐரோப்பாவின் பக்கம் ஓர் எட்டு வைத்திருக்கிறது.

காரும் டிராக்டரும் மறுபடி கைகோக்கும் இடம் ஓட்டுபவரின் லைசென்ஸ். பதினாறு வயது மகன் காரைப் போர்டிகோவிலிருந்து கேட் வரை எடுக்கிறான். அவனே விடுமுறையில் வயலுக்குள் டிராக்டரும் ஓட்டுகிறான். சட்டத்தின் 3, 4 பிரிவுகள் லைசென்ஸையும் வயதையும் பொது இடத்தில் ஓட்டுவதற்குத்தான் கேட்கின்றன. பூட்டிய நிலத்துக்குள் அவன் அந்தப் பிரிவுகளை மீறியதாகாது. பாலிசிகளின் ஓட்டுநர் பிரிவோ, விபத்து நேரத்தில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும் என்று சொல்லி முடித்துவிடுகிறது, எந்த இடத்தில் என்று பார்ப்பதில்லை. காயத்துக்குச் சட்டத்தைக் காட்டி இடம் கேட்ட டிராக்டர் பாலிசி, லைசென்ஸுக்கு இடம் கேட்பதில்லை என்பதைக் கவனித்தீர்களா? தங்கள் நிலத்துக்குள் சட்டமே விட்டுவிட்ட ஒன்றுக்காக ஓ.டி. கிளைமை இழந்தவர்கள் திகைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எழுதியிருப்பது அதுதான். வண்டிப் பதிவைப் பேசும் 39-ஆம் பிரிவு இன்னும் கறாராக, பொது இடத்திலோ வேறு எந்த இடத்திலோ என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. வயலுக்குள்தானே ஓடுகிறது என்று ஆர்.சி. எடுக்காமல் வைத்திருக்கும் பழைய டிராக்டருக்கு அதனால் எங்கும் நிழல் இல்லை.

பீரோவில் இருக்கும் இந்த இரண்டோடு ஒப்பிட மூன்றாவதாக ஒரு பாலிசி உண்டு. பெரிய ஆலைகளும் எஸ்டேட்டுகளும் வளாகத்தை விட்டு வெளியே போகாத வண்டிகளுக்கு அதை எடுக்கலாம். ஐ.எம்.டி. 13 சேர்த்தால் நாம் இதுவரை பார்த்த ஏற்பாடு முழுக்கத் திரும்பிவிடும். பொதுமக்களுக்குப் பொதுவான அணுகும் உரிமை இல்லாத, பாலிசிதாரரின் சொந்த வளாகத்துக்குள் இருக்கும்வரை பாதுகாப்பு உண்டு. கேட்டைத் தாண்டினால் இல்லை. டிராக்டர் பாலிசியை இழுத்துப் பிடித்த அதே அணுகும் உரிமை இங்கே எதிர்ப்பக்கம் நின்று எல்லை காக்கிறது. அந்த வண்டி கேட்டுக்கு வெளியே போயும் பாதுகாப்போடு இருக்க ஒரே ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள்: எங்காவது தீ பிடித்து, அணைக்க அது தேவைப்பட்டால்.